ஆறு ஃபிரேம்

“என்னோட பச்சை ஃபைலைத் திரையில போட்டுக் காட்டுங்க சார்.”

ஸ்வரூபா இப்படிக் கேட்டது டப்பிங் ஸ்டூடியோவின் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு. யூசுஃப்கூடாவில் டப்பிங் பேசிப் பிழைக்கிற யாரும் கேட்கக் கூடாதது அது. சவுண்ட் இன்ஜினியர் கை வைத்து, இழுத்து, தள்ளி, ஒட்டுவதற்கு முன்னால் பேசியவர் குரல் எப்படி விழுந்திருந்ததோ அதுதான் பச்சை ஃபைல். அதைக் காட்டச் சொல்வது, சாப்பிட வந்த இடத்தில் சமையல்கட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது மாதிரி. முதல் நாளே, கூடக் குரல் கொடுக்கிற மூத்தவள் வசுந்தரா சொல்லியிருந்தாள்: “டீ கேளு, ஃபேன் கேளு, சீக்கிரம் விடச் சொல்லிக் கேளு. பச்சை ஃபைலை மட்டும் கேட்டுடாதே. கேட்டா டைரக்டருக்குக் காது சரியில்லைன்னு நீ சொல்றதா அர்த்தம். அப்புறம் உன் நம்பரை எல்லாரும் அழிச்சிடுவாங்க.”

டைரக்டர் உமாமகேஷ் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். டப்பிங்கில் இருபத்தெட்டு வருஷம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை டப்பி, அதற்குள் கம்பியில்லாத இயர்பட்ஸ்.

“என்ன கேட்டே?”

“பச்சை ஃபைல். இருபதாவது எபிசோட். நான் பேசினது, இம்தியாஸ் பாய் தொடறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே.”

“எதுக்கும்மா? உன் லேட்டை நீயே பார்த்து ரசிக்கவா?”

“ஆமா சார். இருபது எபிசோடா லேட்டு லேட்டுன்னு கேட்டுட்டேன். கண்ணாலயும் ஒருதடவை பார்த்துடறேன்.”

கன்சோலுக்கு முன்னால் இருந்த சவுண்ட் இன்ஜினியர் இம்தியாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

விஷயம் இதுதான். ‘பங்களா மருமகள்’ என்று ஒரு குட்டித் தொடர். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற, எபிசோடுக்கு ஒன்றரை நிமிஷம் ஓடுகிற தொடர்களில் ஒன்று. இந்தியில் எடுத்தது, தெலுங்குக்கு வருகிறது. எண்பது எபிசோட். கதாநாயகிக்குக் குரல் ஸ்வரூபா. காமாரெட்டியில் பீடி சுற்றுகிற அம்மாவின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி. பி.காம் படிக்கிற காலத்திலேயே கண்ணாடி முன் நின்று, சினிமாத் தெலுங்குக்குப் பேர்போன கிருஷ்ணா ஜில்லாக்காரர்கள் மாதிரி பேசிப் பழகியவள். அவள் ஊர்ப் பேச்சு வேலைக்காரிக்கும் அடியாளுக்கும்தான் என்று இந்தத் தொழிலில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சை மறைத்து வைத்துக்கொண்டுதான் அவள் கதாநாயகிக்குள் நுழைந்தாள். நுழைந்தது வீண்போகும்போல் இருந்தது. நாளையிலிருந்து, இருபத்தொன்றாவது எபிசோடுக்கு, அந்தப் பக்கத்துத் தெனாலியிலிருந்து வேறொரு பெண் வருகிறாள். ஸ்வரூபாவுக்கு ‘வேலைக்காரி இரண்டு’. காரணம், டைமிங் இல்லை. குரல் உதட்டுக்குப் பின்னால் வருகிறது.

“உங்க பக்கத்து ஆளுங்களுக்கு எல்லாமே கொஞ்சம் லேட்டுதான்” என்று போன வாரம் உமாமகேஷ் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். ஸ்வரூபா அன்றைக்கு அறைக்குப் போய்த் தலையணையை நாலு அடி அடித்தாள், அவ்வளவுதான். ஆனால் நேற்று மதியம் நடந்ததற்கு அப்புறம் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

வீட்டில் இருந்தபடியே குரல் கொடுக்கிற கலைஞர்களுக்கு ஸ்டூடியோ ஒரு செயலி கொடுத்திருந்தது. போனில் காட்சி ஓடும். காதுக்குள் மூல நடிகையின் இந்திக் குரல் ஓடும். அதைப் பைலட் என்பார்கள். கீழே தெலுங்கு வசனம். நடிகை வாய் திறக்கிற நேரத்தில் நீயும் வாய் திறந்தால் போன் மைக் பிடித்துக்கொள்ளும். பி.ஜி. விடுதியின் மர அலமாரிக்குள், இரண்டு கம்பளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஸ்வரூபா அழுதாள், கெஞ்சினாள், பங்களாவின் மாமியாரைச் சபித்தாள். காதில் மாட்டுவது ஸ்டூடியோ கொடுத்த இயர்பட்ஸ் மட்டும். இது உமாமகேஷின் சொந்த யோசனை. நாற்பது ஜோடி வாங்கி, ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்து வீடியோ எடுத்துப் போட்டார். ‘கம்பி இயர்போன் தடை’ என்று குழுவில் அறிவிப்பும் போட்டார். கம்பி உரசுகிற சத்தம் மைக்கில் விழுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அதில் பொய்யில்லை; துணியில் கம்பி பட்டால் கரகரவென்று விழத்தான் செய்யும். ஒரு துணிக்கிளிப் போதும் அதற்கு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நேற்று மதியம் இருபதாவது எபிசோடில் எட்டு வரி முடித்திருந்தபோது இடது காது செத்தது. ஒன்பதாவது வரிக்கு வலதும். காலையிலிருந்து திரும்பத் திரும்பப் பேசியதில் பேட்டரி காலி. டப்பியைத் திறந்து பார்த்தால் டப்பியும் காலி. அனுப்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. எதிர்க்கட்டில் பெண் சுகுணாவிடம் கம்பி இயர்போன் இருந்தது; ஆனால் அது உருண்டை முனை. ஸ்வரூபாவின் போனிலோ அந்த ஓட்டையே கிடையாது, சார்ஜ் போடுகிற ஒற்றை வாய்தான். தெருமுனைக் கடைக்கு ஓடிக் கன்வர்ட்டர் வாங்கினாள். மாட்டினால் சத்தமே இல்லை. திரும்பி ஓடினாள்.

“பொம்மை குடுத்திருக்கியா அண்ணா? ஒரு சத்தமும் வரலை!”

கடைக்காரன் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தான். “உங்க போன் இந்த வாய் வழியா கணக்கைத்தான் வெளிய அனுப்பும், பாட்டை அனுப்பாது. கணக்கைப் பாட்டா மாத்தற சிப் கன்வர்ட்டருக்குள்ளயே இருக்கணும். இதுல சிப் இல்லை, வெறும் கம்பி. சிப் இருக்கறது இந்தா, இதை எடுத்துக்குங்க.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீங்க முதல்ல கேட்டது விலை கம்மியா இருக்கறதை.”

சிப் வைத்தது பேசியது. கம்பியைக் கழுத்துப் பக்கம் துணிக்கிளிப்பில் மாட்டிக்கொண்டு மீதி ஆறு வரியைப் பேசி அனுப்பினாள். ராத்திரி உமாமகேஷிடமிருந்து செய்தி வந்தது: ‘கடைசி ஆறு வரி மட்டும் கச்சிதம். ஆரம்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தாயா? எப்படியும் நாளை வந்து வேலைக்காரி வசனம் வாங்கிக்கொள்.’

அந்தச் செய்தியை அவள் பத்துத் தடவை படித்தாள். கடைசி ஆறு மட்டும் கச்சிதம். எட்டாவது வரி வரை இருந்த வாயேதான் ஒன்பதாவதுக்கும். மாறியது காது மட்டும்.

அதனால்தான் இப்போது, காலை பதினொரு மணிக்கு, வேலைக்காரியின் வசனத்தாளை வாங்காமல் பச்சை ஃபைலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“போடு பாய்” என்றார் உமாமகேஷ். “பார்த்துட்டுப் போகட்டும். இனிமே யாரும் கேட்காம இருக்க இதுவே பாடமா இருக்கும்.”

இம்தியாஸ் தட்டினான். பெரிய திரையில் மேலே நடிகையின் குரல் நீல அலையாக விரிந்தது. கீழே ஸ்வரூபாவின் குரல் பச்சை அலை. முதல் வரி. நீலம் எழும்புகிற இடத்தில் பச்சை எழும்பவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் எழும்பியது.

“தெரியுதா?” உமாமகேஷ் பேனாவால் திரையைக் காட்டினார். “இங்க அவ வாயைத் திறக்கறா. இங்க நீ திறக்கறே. நடுவுல ஒரு ஆட்டோவே போகும்.”

“எவ்வளவு தூரம்னு அளங்க பாய்.”

“அளக்கணுமா? கண்ணாலயே...” என்று இழுத்தான் இம்தியாஸ்.

“அளங்க.”

இம்தியாஸ் அளந்தான். படம் நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம் ஓடுகிறது. “ஆறு ஃபிரேம். கால் நொடிக்குக் கொஞ்சம் கம்மி.”

“ரெண்டாவது வரி?”

“ஆறு.”

“மூணாவது?”

“அஞ்சரை... இல்லை, ஆறுன்னே வெச்சுக்கலாம்.” அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கேட்காமலே அளந்துகொண்டு போனான். ஆறு, ஆறு, ஆறரை, ஆறு, ஆறு. “அரே...”

“ஒன்பதாவதைப் பாருங்க.”

ஒன்பதாவது வரியில் நீலமும் பச்சையும் ஒரே கோட்டில் எழும்பி நின்றன. பத்தாவதிலும் அப்படித்தான். கடைசி வரை அப்படியே.

“நான் தினமும் கையால தள்ளித் தள்ளி உட்கார வெச்சேன்” என்றான் இம்தியாஸ் மெதுவாக. “கண்ணுக்குப் பட்ட இடத்துல வெச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். எத்தனைன்னு எண்ணிப் பார்க்கவே இல்லை. என் புத்தியில...”

“சார்” என்றாள் ஸ்வரூபா. “மனுஷி லேட்டா வந்தா ஒருநாள் பத்து நிமிஷம், ஒருநாள் அரை மணி நேரம்னு வருவா. தினமும் அதே அளவு, அச்சு பிசகாம லேட்டா வருதுன்னா அது மனுஷி இல்லை, மெஷின். ஒன்பதாவது வரியில எனக்கு பட்ஸ் செத்துப்போச்சு. கம்பி மாட்டினேன். லேட்டும் செத்துப்போச்சு.”

உமாமகேஷ் சிரித்தார். அது தோற்றவர் சிரிப்பு இல்லை, பதில் கைவசம் இருக்கிறவர் சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“இதே பட்ஸ்தான் நானும் வெச்சிருக்கேன். ராத்திரி இதை மாட்டித்தான் படம் பார்க்கறேன். இருபத்தெட்டு வருஷமா உதட்டைப் பார்த்துப் பார்த்தே கண்ணு பழுத்தவன்மா நான். ஒரு ஃபிரேம் நகர்ந்தாலும் தெரியும். ஒரு படத்துலகூட உதடும் குரலும் பிரிஞ்சதில்லை. இதுக்கென்ன சொல்றே?”

ஸ்வரூபாவுக்கு இதற்குப் பதில் தெரியாது. இதே கேள்வி நேற்று ராத்திரி அவளுக்கும் வந்தது. அவளும்தான் பட்ஸில் படம் பார்க்கிறாள், எல்லாம் ஒட்டித்தான் வருகிறது.

பதில் இம்தியாஸிடமிருந்து வந்தது. “அது வேற சார். படம் ஓட்டற செயலிக்கு பட்ஸ் லேட்டுன்னு தெரியும். சத்தத்தைக் காத்துல அனுப்பணும்னா முதல்ல சுருக்கணும், பொட்டலம் கட்டணும், அந்தப் பக்கம் பிரிக்கணும், கொஞ்சம் சேர்த்து வெச்சுத்தான் ஓட்டணும். இதுக்குக் கால் நொடி ஆகும். அதனால அது படத்தையும் கால் நொடி நிறுத்தி வெச்சு அனுப்புது. ரெண்டும் சேர்ந்து லேட்டா வந்தா யாருக்குத் தெரியப்போகுது? சினிமா பார்க்கறவனுக்கு என்ன அவசரம்?”

“அப்போ நம்ம செயலி?” என்றார் உமாமகேஷ்.

“நம்ம செயலி படத்தை நிறுத்தாது. அதோட, இவ பேசறதைப் பதிவு பண்றப்ப, ஓட ஆரம்பிச்ச நொடியைத்தான் பூஜ்யம்னு வெச்சு எழுதுது. இவ காதுக்கு வந்ததே கால் நொடி கழிச்சு. அதைக் கேட்டு இவ பேசினா, அதே கால் நொடி தள்ளித்தான் விழும். பாட்டுக்கு ஆடறது, கேம்ல சுடறது, இந்த மாதிரி பேசறது, காதைத் துரத்திக்கிட்டு உடம்பு ஓடற வேலை எதுவா இருந்தாலும் இதான் கதி.”

“இதை நீ இவ்வளவு நாளாச் சொல்லலையே!”

“யாரும் கேட்கலையே சார். இவதானே முதல்ல கேட்டா.”

உமாமகேஷ் பேனாவை மூடித் திறந்தார். இன்னும் ஒன்று பாக்கி வைத்திருந்தார். “சரி. அப்போ வசுந்தரா? அவளுக்கும் இதே பட்ஸ், இதே செயலி. அவ குரல் என்னிக்காவது தள்ளிப் போயிருக்கா? ஒருநாள்கூட இல்லை. அதுக்குப் பேரு அனுபவம். உனக்கு இல்லாதது அதுதான்.”

கதவுக்கு வெளியே டிபன் கேரியரோடு காத்திருந்த வசுந்தரா தன் பெயர் கேட்டதும் உள்ளே தலையை நீட்டினாள். நாற்பத்தாறு வயது. பங்களா மாமியாருக்குக் குரல் அவள்தான். நிஜத்தில் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள். மைக் முன்னால் நின்றால் மூன்று மருமகள்களை மூட்டை கட்டி அனுப்பிவிடுவாள்.

“எதுக்கு என் பேரு அடிபடுது?”

“நீங்க லேட்டே ஆக மாட்டீங்களாம்க்கா” என்றாள் ஸ்வரூபா. “எப்படின்னு கேட்கறாரு.”

வசுந்தராவுக்கு முகமெல்லாம் வெளிச்சமானது. “அதுவா? அது கைத்திறமை. இந்த பட்ஸ் வந்த புதுசுல எனக்கும் ஏதோ ஒட்டாத மாதிரி இருந்துச்சு. சரின்னு அவ பேச்சை நம்பறதை விட்டுட்டேன். அந்த இந்திப் பொம்பளை மூச்சை இழுப்பா பாரு, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி? பைலட்ல அது கேட்டதும் நான் வாயைத் திறந்துடுவேன். அவ பேசறதுக்கு நான் காத்திருக்க மாட்டேன். மாமியார் எதுக்குக் காத்திருக்கணும்?”

ஸ்வரூபா திரும்பி இம்தியாஸைப் பார்த்தாள். இம்தியாஸும் அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வசுந்தரா கால் நொடி முன்னால் குதித்து, அந்தக் கால் நொடித் தாமதத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, ஒரு வரி பேசிக் காட்டறீங்களா? இந்தக் கம்பியை மாட்டிக்கிட்டு?”

“கம்பியா? ஐயோ, தடை போட்டிருக்கே சார்.”

“மாட்டும்மா” என்றார் உமாமகேஷ். “உன்னை வெச்சே இவ வாயை அடைக்கறேன்.”

ஸ்வரூபா தன் போனில் செயலியைத் திறந்து, கன்வர்ட்டரைச் செருகி, கம்பியை வசுந்தராவின் காதில் மாட்டிவிட்டாள். கிளிப்பை அவள் புடவைத் தலைப்பில் குத்தினாள். இயர்போனில் தொங்குகிற மைக்கை விட்டு, போனின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாள். வசுந்தரா கண்ணை மூடி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திறந்தாள். காட்சி ஓடியது. மாமியார் ஆரம்பித்தாள்:

“என் வீட்டு வாசலை மிதிச்ச கால் அதுதானே!”

கண்ணாடி அதிர்ந்தது. இம்தியாஸ் ஃபைலை இழுத்துத் திரையில் போட்டான். நீல அலைக்கு முன்னால், தனியாக, வீராப்பாக, பச்சை அலை எழும்பி நின்றது.

“அஞ்சு ஃபிரேம் முன்னாடி” என்றான்.

“முன்னாடியா? நானா?”

“அடுத்த வரி பேசுங்க.”

அடுத்த வரியும் ஐந்து முன்னாடி. மூன்றாவது ஆறு. திரையில் மாமியார் உதட்டை மூடிக்கொண்டிருக்க, வசுந்தராவின் குரல் மட்டும் வீட்டை விட்டு வெளியே போடி என்றது. கேட்டுக்கொண்டிருந்த இம்தியாஸ் மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். தன் குரலைத் தானே கேட்ட வசுந்தராவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

“அடப்பாவி! வாயே திறக்காம திட்டறா பாரு. இதுல நான் மாமியார் இல்லை, பேய்!”

ஸ்வரூபாவும் சிரித்துவிட்டாள். வந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கு நடுவில் சிரிப்பும் வந்தது. சிரித்து முடித்ததும் கம்பியைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

“இப்போ நான்.”

இருபத்தொன்றாவது எபிசோட், முதல் காட்சி. தெனாலிப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்தது. யாரும் அனுமதி கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காதுக்குள் நடிகை மூச்சை இழுப்பது கேட்டது. வளையல் கிலுங்குவது, புடவை சரசரப்பது, அழுகைக்கு முன்னால் தொண்டை லேசாக அடைப்பது வரை கேட்டது. ஒருதடவை அவள் பட்ஸின் மைக்கையே வைத்துப் பேசிப் பார்த்திருந்தாள். அன்றைக்குக் குரல் கொஞ்சம் சீக்கிரமாக வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மைக் திறந்த நொடியே பட்ஸ் போன் பேசுகிற நிலைக்குப் போய்விட்டது. இரண்டு காதிலும் தகர டப்பாச் சத்தம், மூச்சும் இல்லை, வளையலும் இல்லை. ஒன்று நல்ல சத்தமும் கால் நொடித் தாமதமும், இல்லையென்றால் டப்பாச் சத்தம். பட்ஸ் கொடுத்தது இந்த இரண்டில் ஒன்றைத்தான். கம்பியில் அந்தத் தகராறே இல்லை.

நடிகை வாயைத் திறந்தாள். ஸ்வரூபாவும் திறந்தாள்.

“நான் திருடலை அத்தை. திருடறதுன்னா இந்த வீட்டுல எடுக்க என்ன இருக்கு?”

நாலு வரி. இம்தியாஸ் திரையில் போட்டான். அளந்தான். பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். பூஜ்யம். எழுந்து நின்றே சொன்னான், ஏதோ தேர்வு முடிவு வாசிக்கிற மாதிரி.

“நான் தொட வேண்டியதே இல்லை சார். மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்.”

உமாமகேஷ் எழுந்து போய்த் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றார். பூஜ்யத்தை நம்பாத மாதிரி விரலை வைத்துப் பார்த்தார். அவருக்குக் காது நல்ல காதுதான். ஸ்வரூபா மறுக்க மாட்டாள். அந்தக் காதால்தான் தாமதத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு அதை எங்கே தேடுவது என்று யோசிக்காமல், காமாரெட்டியில் தேடினார்.

“சார், நீங்க ஒருதடவை பட்ஸை மாட்டிப் பேசிப் பார்க்கறீங்களா?” என்றான் இம்தியாஸ்.

“என் வாய்க்கு டெஸ்ட்டா?” என்று சொல்லிவிட்டு டப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வசுந்தரா கம்பியைக் கையில் சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சார்ஜ் போட வேண்டாமாடி இதுக்கு?”

“வேண்டாம்க்கா. போன்ல இருந்து துளியூண்டு எடுத்துக்கும், அவ்வளவுதான். ஆனா ஒரே வாய் இல்லையா? இதைச் செருகிட்டா போனுக்குச் சார்ஜ் போட முடியாது. ரெண்டு வாய் வெச்ச கன்வர்ட்டர் ஒண்ணு இருக்காம். இல்லைன்னா போனை முதல்லயே நிரப்பி வெச்சுக்கணும்.”

“அப்போ என் பட்ஸை என்ன பண்றது?”

“பஸ்ல பாட்டுக் கேளுங்க. சமைக்கறப்ப மாட்டிக்கிட்டுப் படம் பாருங்க. அதுக்கு அது ராஜா. நம்ம வாய்க்குத்தான் ஆகாது.”

“எனக்குப் பழக்கத்தை மாத்தணுமே!” வசுந்தராவுக்கு இப்போதுதான் அது உறைத்தது. “ரெண்டு மாசமா முன்னாடி குதிச்சுக்கிட்டிருக்கேன். ஐயோ, இனிமே பொறுமையான மாமியாரா இருக்கணுமா!”

உமாமகேஷ் தொண்டையைக் கனைத்தார். குரலில் இப்போது வெண்ணெய் தடவியிருந்தது. “ஸ்வரூபா, உட்காரும்மா.”

அவள் உட்காரவில்லை.

“சரி, நடந்தது நடந்துடுச்சு. தெனாலிப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். கதாநாயகி உனக்குத்தான். எண்பது எபிசோடும். நீ கம்பியே போட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. ஒரே ஒரு விஷயம். குழுவுல ஒரு வரி எழுதிடு. ‘எங்க விடுதியில நெட்வொர்க் சரியில்லாம இருந்துச்சு, இப்போ சரியாயிடுச்சு, டைரக்டர் சாருக்கு நன்றி’ன்னு. அவ்வளவுதான். பட்ஸ் பத்தி எதுவும் வேண்டாம்.”

“நெட்வொர்க்குக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்? நம்ம செயலி காட்சியை முதல்லயே இறக்கி வெச்சுத்தானே ஓட்டுது?”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். நாற்பது பேருக்குத் தெரியணும்னு என்ன இருக்கு? நான் கையால குடுத்த பொருள்மா அது. வீடியோ எல்லாம் இருக்கு.”

“பார்கவி?” என்றாள் ஸ்வரூபா.

அவர் புரியாத மாதிரி பார்த்தார்.

“போன மாசம் ‘காது மந்தம்’னு சொல்லி நிறுத்துனீங்களே, எங்க பக்கத்துச் சிர்சில்லாப் பொண்ணு. அப்புறம் ஹேமந்த். அவனுக்குத் தாள ஞானமே இல்லைன்னீங்க. அவன் ஊர்ல பஜனைக்கு டோலக் வாசிக்கறவன் சார். ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. பார்கவி துணிக்கடையில வேலைக்குப் போயிட்டா. எங்க விடுதி நெட்வொர்க் சரியாயிடுச்சுன்னு எழுதினா, அவ காதும் சரியாயிடுமா?”

“அவங்க கதை வேற.”

“அவங்க பச்சை ஃபைல் இருக்கா பாய்?”

இம்தியாஸ் உமாமகேஷைப் பார்க்காமலே விசைப்பலகையைத் தட்டினான். நீலமும் பச்சையும் வந்தன. பார்கவி. ஆறு, ஆறு, ஆறு. ஹேமந்த். அவன் போன் வேறு போலிருக்கிறது. ஐந்து, ஐந்து, ஐந்து. டோலக்காரன்தான், அரை ஃபிரேம்கூடப் பிசகவில்லை.

இம்தியாஸ் தன் போனை எடுத்து, ஸ்வரூபாவையும் சேர்த்து மூன்று பேரின் அலைகளையும் திரையில் கொண்டுவந்து மூன்று படம் பிடித்தான். அடுத்த நொடி அந்தப் படங்கள் வந்து ஸ்வரூபாவின் போன் கையில் அதிர்ந்தது.

“பாய்!” என்றார் உமாமகேஷ்.

“நானும் ரெண்டு மாசம் கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளியிருக்கேன் சார். என் தப்பும் அதுல இருக்கு” என்றான் இம்தியாஸ்.

உமாமகேஷ் ஸ்வரூபா பக்கம் திரும்பினார். “இங்க பாரு. நீ எழுதற வரியைப் பொறுத்துதான் இருக்கு. நான் சொன்னதை எழுதினா கதாநாயகி. வேற ஏதாவது எழுதினா வேலைக்காரிகூட இல்லை. உங்க வீட்டுல முதல் தடவையா ஒருத்தி இந்த மாதிரி இடத்துக்கு வந்திருக்கே. அம்மாவை நினைச்சுப் பார்த்துப் பேசு.”

அம்மாவை அவள் நினைத்துத்தான் பார்த்தாள். நாளெல்லாம் இலையை வெட்டிச் சுருட்டிக் கட்டிக் கொடுத்த பிறகு, சரியில்லை என்று கட்டுக் கட்டாகத் தள்ளிவிடுகிற ஆளுக்கு முன்னால் அம்மா வாயைத் திறந்ததே இல்லை. எது சரியில்லை என்று கேட்டதும் இல்லை. ஸ்வரூபா கல்லூரியில் படித்தது கணக்கியல், ஒலி இல்லை. ஆனால் எதை எதோடு வைத்து அளக்க வேண்டும் என்று கேட்கிற வாய் அங்கேதான் வந்தது.

அவள் குழுவைத் திறந்தாள். மூன்று படங்களையும் போட்டாள். கீழே எழுதினாள்: ‘பார்கவி, ஹேமந்த், நான், மூன்று பேருமே லேட் இல்லை. பட்ஸ்தான் லேட். உள்ளே சிப் இருக்கிற கன்வர்ட்டர் வாங்கிக் கம்பி மாட்டிப் பேசிப் பாருங்கள். போன் மைக்கையே வையுங்கள். கம்பியைக் கிளிப்பில் மாட்டுங்கள். உங்கள் பச்சை ஃபைலைக் கேளுங்கள், எல்லோருக்கும் காட்டுவார்கள்.’ அனுப்பிவிட்டு, கடைசி வரி கொஞ்சம் திமிராக இருக்கிறதோ என்று பார்த்தாள். இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உமாமகேஷின் சட்டைப் பையில் போன் டிங் என்றது. வசுந்தராவின் கைப்பையிலும் டிங். வசுந்தரா படித்துவிட்டு, “சார் கண்ணு முன்னாடியே அனுப்பிட்டாளே!” என்று சொன்ன விதத்தில் மாமியாரும் இருந்தாள், பக்தையும் இருந்தாள்.

“ஸ்வரூபா, தெரியாம பண்ணிட்டே.” உமாமகேஷின் பேனா மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அழிச்சிடு. அஞ்சு நிமிஷம் டைம் தர்றேன். வெளிய போய், நல்லா யோசிச்சு, உள்ள வந்து சொல்லு.”

“யோசிச்சுட்டுத்தான் சார் படியேறி வந்தேன்.”

அவள் கம்பியைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். வசுந்தராவின் தோளை ஒருதடவை அழுத்தினாள். இம்தியாஸ் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டான். போன் கையில் டிங் டிங் என்று விடாமல் அதிர, அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.